டெலிபரேட் பிராக்டிஸ்: தமிழில் ஒரு சொல் வேண்டும்

மங்கை:
குழுவினர் அனைவருக்கும் வணக்கம். வயலின் ஆசிரியர்களுக்கான கைநூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நான்காம் அத்தியாயம் முழுக்க டெலிபரேட் பிராக்டிஸ், அதாவது தன் குறையைக் குறிவைத்துக் கவனத்தோடு சரிசெய்து பழகுவது பற்றியது. வெறுமனே திரும்பத் திரும்ப வாசிப்பது ஒன்று, இது வேறொன்று என்பதுதான் அத்தியாயத்தின் சாரமே. இரண்டையும் 'பயிற்சி' என்றே எழுதினால் அத்தியாயம் விழுந்துவிடும். 'திட்டமிட்ட பயிற்சி' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. தினமும் காலை ஐந்து மணிக்கு எழுந்து வர்ணத்தைப் பத்து முறை வாசிப்பதும் திட்டமிட்டதுதானே?

இராமலிங்கம்:
அன்பு மகள் மங்கைக்கு, மூலச்சொல்லின் வேரைப் பார்ப்போம். இலத்தீனில் 'லிப்ரா' என்றால் துலாக்கோல். அதிலிருந்து பிறந்த வினைக்கு நிறுத்துப் பார்த்தல், எண்ணிப் பார்த்தல் என்று பொருள். நமக்கோ அதற்கு நேரான சொல் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது: சீர்தூக்குதல். 'சமன்செய்து சீர்தூக்குங் கோல்' என்பதை எல்லோரும் பள்ளியில் படித்திருக்கிறோம். ஆகவே 'சீர்தூக்கு பயிற்சி', வினைத்தொகை, வலி மிகாது. இசைக்கு இன்னொரு பொருத்தமும் உண்டு. பழந்தமிழ் இசையில் 'தூக்கு' என்பது தாளத்தைக் குறித்த சொல். சிலப்பதிகார உரையில் எழுவகைத் தூக்கு வருகிறது. ஒரே சொல்லில் எண்ணமும் தாளமும் அமைகின்றன. 'சீர்' என்பதும் தாள உறுப்பே. இதைவிட என்ன வேண்டும்?

ஜான்சன்:
ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எட்டு வயதுப் பிள்ளையிடம் ஆசிரியர் "இன்று சீர்தூக்கு பயிற்சி செய்" என்று சொல்லுவாரா? என் கருத்து, மணிக்கணக்காக ஓயாமல் வாசிப்பதற்கு ஏற்கெனவே புழங்கும் 'அசுர சாதகம்' போதும். பத்தாயிரம் மணி நேரம் உழைத்தால் எந்தக் கலையிலும் தேர்ச்சி வரும் என்று உளவியலாளர் எரிக்சன் ஆராய்ந்து சொன்னதைத்தானே இந்த அத்தியாயமும் சொல்கிறது?

வேணு:
ஜான்சன், பாதிதான் சரி. எரிக்சனும் இரு துணையாசிரியர்களும் 1993இல் வெளியிட்ட கட்டுரை மேற்கு பெர்லின் இசைக் கழகத்து வயலின் மாணவர்களைப் பற்றியது. மிகச் சிறந்தவர்கள், நல்லவர்கள், இசை ஆசிரியராகப் போகிறவர்கள் என்று மூன்று குழு, குழுவுக்குப் பத்துப் பேர். 18 வயதுக்குள் தனியாக அமர்ந்து சாதகம் செய்த நேரம் சராசரியாகச் சுமார் 7,400, 5,300, 3,400 மணி. பத்தாயிரம் என்பது முதல் குழு 20 வயதில் தாண்டிய சராசரி, அவ்வளவே. அதைத் தொட்டால் தேர்ச்சி என்று கட்டுரையில் எங்கும் இல்லை. கூடவே, அசுர சாதகத்துக்கு நேர்மாறான செய்தியும் அதில் இருக்கிறது. சிறந்தவர்கள் ஒரே மூச்சில் ஐந்து மணி நேரம் வாசிக்கவில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாத அமர்வுகளாகப் பிரித்து, இடையில் ஓய்வெடுத்து, பகலில் தூங்கவும் செய்தார்கள். கவனம் களைத்த பிறகு வில் இழுப்பதில் பயனில்லை என்பதால்.

நேரத்தின் அளவைச் சொல்லும் எந்தச் சொல்லும் இங்கே பொருந்தாது. மங்கை, வெறும் திரும்பச் செய்தலையும் இதையும் பிரிக்கும் கோடு எங்கே விழுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம், சொல் பிறகு வரட்டும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் டியூக்கும் உடனிருந்தவர்களும் 2009இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. பியானோ மாணவர் 17 பேருக்குக் மூன்றே தாள அளவு நீளமுள்ள கடினமான பகுதி ஒன்றைக் கொடுத்தார்கள். வேண்டிய மட்டும் பழகலாம். மறுநாள் வந்து வாசிக்க வேண்டும். யார் அதிக நேரம் பழகினார், யார் அதிக முறை வாசித்தார் என்பதற்கும் மறுநாள் வாசிப்பின் தரத்துக்கும் தொடர்பே தெரியவில்லை. முதல் நாள் தவறில்லாமல் வாசித்த முறைகளின் விகிதம்தான் தொடர்புடையதாக இருந்தது. முதலிடம் பெற்றவர்களும் தொடக்கத்தில் பிழை செய்தவர்களே. ஆனால் பிழை வந்த இடத்திலேயே நின்றார்கள், காரணம் கண்டார்கள், வேகத்தைக் குறைத்து அந்தத் துண்டைச் சரியாக்கிவிட்டே மேலே போனார்கள். மற்றவர்கள் பிழையோடு கடந்து போய், அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே பிழையைச் செய்தார்கள்.

செல்வமணி:
எல்லாருக்கும் வணக்கம். நான் தட்டச்சுப் பயிலகம் நடத்துகிறேன். நீங்கள் பேசுவது எங்கள் தொழிலுக்கும் அப்படியே பொருந்துகிறது. லோயர் தேர்வுக்கு நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. முப்பதை எட்டிய பிள்ளை அதே பக்கத்தை ஆறு மாதம் அடித்தாலும் முப்பத்தைந்திலேயே நிற்கும். விரல் தானாகப் போகும், மனம் வேறெங்கோ இருக்கும். அப்படிப்பட்டவர்களை நான் பதினைந்து நிமிடம் மட்டும், வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் அடிக்கச் சொல்வேன். தப்பு வரும், வரட்டும். தாளை எடுத்து எந்த எழுத்து இணையில் தப்பு என்று சிவப்பு மையில் வட்டம் போடுவோம். பெரும்பாலும் இடது மோதிர விரலும் சுண்டு விரலும் அடுத்தடுத்து வரும் இடங்களாக இருக்கும். மறுநாள் அந்த இணை வரும் சொற்களை மட்டும் மெதுவாக அடிக்க வேண்டும். எங்களிடம் இதற்கு 'வட்டம் அடிக்கிறது' என்று பெயர். கலைச்சொல்லுக்கு ஆகாது, தெரியும்.

மங்கை:
செல்வமணி அண்ணா, மிக்க நன்றி. வேணு சார், நூலில் வரும் எடுத்துக்காட்டும் இதே தர்க்கம்தான். ஒரு பிள்ளை ஜண்டை வரிசையை மூன்றாம் காலத்தில் வாசிக்கிறாள். 'ஸஸ ரிரி கக மம' என்பதில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் வர வேண்டும். 'கக'விலிருந்து 'மம'வுக்குப் போகும்போது அழுத்தம் காணாமல்போய் ஜோடி ஒரே நீள ஸ்வரமாகக் கேட்கிறது. முதலிலிருந்து முழுவதையும் இருபது முறை வாசி என்றால், அந்த ஒரு நொடியை இருபது முறை தப்பாகவே வாசிப்பாள். விரலுக்கு அந்தத் தப்புதான் பழகும். அதற்குப் பதில் 'ககமம' என்ற துண்டை மட்டும் முதல் காலத்துக்கும் கீழே இறக்கி வாசிக்க வேண்டும். அழுத்தம் காதில் விழுகிறதா என்று அவளே சொல்ல வேண்டும். தொடர்ந்து மூன்று முறை சரியாக வந்தால் வேகத்தைச் சிறிது கூட்டலாம், உடைந்தால் ஒரு படி இறங்க வேண்டும். பிறகு முன்னே 'ரிரி'யையும் பின்னே 'பப'வையும் ஒட்டி வாசிக்க வேண்டும். ஏனென்றால் தனியாகச் சரியாக வரும் துண்டு, வரிசைக்குள் போனதும் மறுபடி உடையும்.

வேணு:
ஏன் வேகமாக முன்னேறுகிறார்கள் என்பதற்கும் விடை அங்கேயே இருக்கிறது. நான்கு நிமிட வர்ணத்தில் இரண்டு நொடிப் பிழை என்று வையுங்கள். முழுவதையும் பத்து முறை வாசித்தால் 40 நிமிடம் போகும், பிழையிடத்துக்குக் கிடைப்பது பத்தே வாய்ப்பு. துண்டை மட்டும் எடுத்து, வாசிக்க ஐந்து நொடி, கேட்டு யோசிக்கப் பத்து நொடி என்றால் பத்து நிமிடத்தில் 40 வாய்ப்பு. அதுவும் ஒவ்வொன்றும் முந்தையதைக் கேட்டு மாற்றிக்கொண்டது.

ஆசிரியர்கள் ஏமாறும் இடம் ஒன்றையும் நூலில் அழுத்தமாகச் சேருங்கள். இருபதாவது முறை சரியாக வந்தால் 'வந்துவிட்டது' என்று விட்டுவிடுகிறோம். அது கை சூடேறியதன் பயனாக இருக்கலாம். மறுநாள் வந்ததும், விரல் பழகுவதற்கு முன், முதல் வாசிப்பில் எப்படி இருக்கிறது என்பதுதான் சோதனை.

இராமலிங்கம்:
தெளிவாயிற்று. பிழையைத் தேர்ந்து, அதையே பயில்வது. அப்படியானால் 'பிழைதேர் பயிற்சி'. 'பயில்' என்பதற்கு நெருங்குதல், அடிக்கடி நிகழ்தல் என்ற பழம்பொருளும் உண்டு. 'பயில்தொறும்' என்று குறள் நட்பைச் சொல்வது அதனால்தான். வெறும் திரும்பச் செய்தலுக்குத் தனியே 'பயிலல்' என்றும், இதற்கு 'நவிற்சி' என்றும் பிரிக்கலாமா எனவும் எண்ணினேன். அதே குறளில் 'நவில்தொறும் நூல்நயம்' வருகிறது பாருங்கள். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்று புலப்படும் கற்றல் அது.

ஜான்சன்:
நவிற்சி என்றால் பத்தில் ஒன்பது பேர் உயர்வு நவிற்சி அணியைத்தான் நினைப்பார்கள் ஐயா. ஆசிரியர் வாயில் ஏற்கெனவே இருப்பதை எடுங்களேன். "திருத்தித் திருத்தி வாசி" என்கிறோம். 'திருத்திப் பழகுதல்' என்றால் யாருக்குப் புரியாது?

தர்சினி:
வணக்கம் எல்லாருக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து. எங்கட பக்கம் திருத்துறது எண்டால் சைக்கிள் திருத்துறது, வீடு திருத்துறது, அதாவது பழுது பார்க்கிறது. பிழையான சொல் எண்டு சொல்லேல்ல. பழுதைக் கண்டுபிடிச்சுப் பார்க்கிறது எண்ட கருத்து இன்னும் நல்லாப் பொருந்துது. ஆனா இன்னொரு சிக்கல் இருக்கு. பிழையை மாணவர் தானே திருத்திறாரோ, ஆசிரியர் திருத்திறாரோ? கொப்பி திருத்துற மாதிரி விளங்கிட்டால் பிள்ளையின்ர காதுக்கு வேலையே இல்லாமல் போயிடும்.

வேணு:
தர்சினி கேட்டது முக்கியமானது. எரிக்சன் பின்னாளில் இரண்டாகப் பிரித்தார். ஒருவர் தானே குறி வைத்துக் கவனமாகப் பழகுவதை 'பர்ப்பஸ்ஃபுல் பிராக்டிஸ்' என்றார். வளர்ந்த ஒரு துறையில், பாதை தெரிந்த ஆசிரியர் மாணவரின் குறைக்கு ஏற்றபடி வகுத்துக் கொடுப்பதை மட்டும் டெலிபரேட் என்றார். இது வெறும் சொல் நுணுக்கம் இல்லை. மக்னமாரா என்ற ஆய்வாளரும் வேறு இருவரும் 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டு, இசைத் திறனில் காணும் வேறுபாட்டில் ஐந்தில் ஒரு பங்கைத்தான் இப்படிப்பட்ட பயிற்சி விளக்குகிறது என்றார்கள். ஆசிரியர் வகுத்ததல்லாத பழக்கத்தையும் அவர்கள் சேர்த்து எண்ணிவிட்டதாக எரிக்சன் மறுத்தார். வரையறை எங்கே முடிகிறது என்பதில்தான் சண்டையே.

மங்கை:
அப்படியானால் மூன்று சொல் வேண்டும். தானே செய்வதற்குக் 'குறிவைத்துப் பழகுதல்', ஆசிரியர் வகுப்பதற்குத் 'திருத்திப் பழகுதல்', வெறும் திரும்பச் செய்தலுக்கு 'உருப்போடுதல்'. இதுவரை நால்வர் இதற்கு உடன்படுகிறார்கள் என்று கொள்கிறேன். முதல் முறை வரும்போது தர்சினி சொன்ன ஐயம் எழாதபடி, பிழையைக் கேட்டுப் பிடிப்பது மாணவரின் வேலை என்று ஒரு வரி எழுதிவிடுகிறேன். நாளை அனுப்ப வேண்டும்.

இராமலிங்கம்:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'பழகுதல்' என்பதே மனம் விலகியபின் உடம்பு தானாகச் செய்வதைக் குறிக்கும் சொல். செல்வமணி சொன்ன முப்பத்தைந்து சொல் நிலை அதுதான். எதை மறுக்கிறோமோ அதன் பெயரையே இதற்கும் ஏன் வைக்க வேண்டும்? 'உருப்போடுதல்' வாயால் மனனம் செய்வதற்குரியது, வில்லுக்கு ஆகாது. 'பிழைதேர் பயிற்சி'யே என் முடிவு. இரண்டாம் பதிப்பிலாவது கருதுங்கள்.

செல்வமணி:
ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்கு வேறொரு சந்தேகம். பிழையே வராத பிள்ளைக்கு என்ன செய்வது? மெதுவாக அடித்தால் ஒரு தப்பும் இருக்காது, வேகமும் ஏறாது. அவளுக்குத் தேர வேண்டிய பிழையை முதலில் நான்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. 'பிழைதேர்' என்றாலும் 'திருத்தி' என்றாலும் அந்த வேலை சொல்லுக்கு வெளியே நிற்கிறதே?