குப்பை லோரி ஒழுங்காக வருவதில்லை: மாவட்ட மன்றத்துக்கு மகஜர் எழுத உதவி தேவை

தாமான்வாசி: பேராக்கில் ஒரு தோட்டப்புறச் சிறுநகரம். வாரம் இரண்டு முறை வரவேண்டிய குப்பை லோரி சில வாரம் தலையே காட்டுவதில்லை. நாய் பையைக் கிழித்து, மீன் செதில் எல்லாம் கால்வாயில் கிடக்கிறது. குடியிருப்பாளர் சங்கத்தில் மகஜர் எழுதி கையெழுத்தும் வாங்கிவிட்டோம். "உடனடி நடவடிக்கை எடுக்கவும்" என்று முடித்திருக்கிறோம். எங்களுக்கு வேண்டியது நேரில் பேச ஒரு வாய்ப்பு. அதை எப்படிக் கேட்பது?

ஜொகூர் அக்கா: மன்றத்துக்கு ஏன் எழுதுகிறீர்கள்? திடக்கழிவுக் கழகமான எஸ்டபிள்யூ கோர்ப்பில் புகார் செய்யுங்கள். எங்களுக்கு அப்படித்தான் சரியானது.

பழைய கிராணி: அக்கா சொல்வது ஜொகூருக்குச் சரி. குப்பையை அந்தக் கழகத்தின் பொறுப்பில் விடும் 2007-ஆம் ஆண்டு திடக்கழிவுச் சட்டத்தைப் பேராக் ஏற்கவில்லை. இங்கே குப்பை மன்றத்தின் பொறுப்பு. குத்தகைக்கு விட்டிருந்தாலும் கேட்க வேண்டியது மன்றத்தைத்தான்.

தம்பி, "நடவடிக்கை எடுக்கவும்" என்றால் "கவனிக்கப்படும்" என்று பதில் வரும், கோப்பு மூடப்படும். மறுக்கவோ ஒப்புக்கொள்ளவோ வேண்டிய ஒன்றைக் கேளுங்கள்: சங்கப் பிரதிநிதிகள் மூவரைச் சுகாதாரப் பிரிவு அதிகாரியும் குத்தகையாளரும் இருக்கும்போது சந்திக்க ஒரு தேதி. வரும்போது லோரி அட்டவணையைக் கொண்டு வரும்படியும் எழுதுங்கள். கடிதம் மலாயில், யாங் டிபெர்துவா பெயருக்கு. உங்கள் பகுதிக் கவுன்சிலருக்கு ஒரு நகல். முகப்பில் கொடுத்து, உங்கள் பிரதியில் கடிதம் கிடைத்ததற்கு 'தெரிமா' சாப் குத்தி வாங்குங்கள். சாப் இல்லையென்றால் கடிதமே வரவில்லை என்பார்கள்.

வரிசை 4: எங்கள் பக்கம் கால்வாய் அடைத்து கொசு தாங்கவில்லை. அதையும் சேர்க்கலாமா? பேசாமல் எல்லோரும் மன்றத்துக்கு வீட்டு வரியான சுக்காய் பிந்து கட்டுவதை நிறுத்தினால் தன்னால் ஓடி வருவார்கள்.

பழைய கிராணி: கட்டாமல் விட்டால் வாரண்டோடு வந்து வீட்டுச் சாமானை ஜப்தி செய்யச் சட்டம் இடம் தருகிறது. வேண்டாம். கால்வாய்க்குத் தனிக் கடிதம் எழுதுங்கள்; இதில் கலந்தால் அதிகாரி சுலபமானதை மட்டும் செய்துவிட்டு மகஜரை முடித்துவிடுவார்.

அப்புறம், கையெழுத்தை விட ஒரு தாள் பெரிது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒருவர் லோரி வந்த நாள், நேரம், வராத நாள் எழுதட்டும். "அடிக்கடி வருவதில்லை" என்றால் மழுப்புவார்கள். "செவ்வாய் வரவில்லை, வியாழன் வந்தது, வரிசை 6-ஐ விட்டுவிட்டுப் போனது" என்றால் குத்தகையாளர் தன் லோரிப் பதிவைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

தாமான்வாசி: தாள் தொடங்கிவிட்டோம். பழைய லயத்துப் பக்கம் 6, 7, 8 வரிசைகளில்தான் அதிகம் விடுபடுகிறது.

பழைய கிராணி: அந்த நிலம் இன்னும் தோட்டத்தின் பேரிலா? அப்படியானால் அங்கே குப்பை எடுப்பது நிர்வாகத்தின் வேலை என்று மன்றம் கைகழுவலாம். சுக்காய் பிந்து பில் யார் பேருக்கு வருகிறது என்று பாருங்கள்.

தாமான்வாசி: சில வீட்டுக்கு வருகிறது, சில வீட்டுக்கு வருவதில்லை. நிலம் மாற்றியாயிற்று என்கிறார் ஒருவர், இல்லவே இல்லை என்கிறார் இன்னொருவர்.

பழைய கிராணி: அப்படியென்றால் அந்த மூன்று வரிசையைத் தனிப் பத்தியாக வையுங்கள், முழு மகஜரும் அதில் மாட்ட வேண்டாம். தோட்ட மேனேஜருக்கும் ஒரு நகல் போடுங்கள். நில அலுவலகத்தில் ஒரு தேடல் எடுத்தால் யார் பேர் என்று தெரிந்துவிடும்.