ஒரே ஒரு எக்செல் வேலையைச் சொல்லித்தரும் திரைப்பதிவு: படிகளை எப்படி எழுதுவது?

காவேரிப்பட்டணம் கணக்கு

வணக்கம். மாங்காய் கொள்முதல் செய்யும் ஒரு அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். போச்சம்பள்ளி, பர்கூர் பக்கம் எல்லாம் சேர்த்து எங்களுக்கு 6 மையங்கள். எல்லா மையத்துக்கும் ஒரே மாதிரி எக்செல் ஷீட் கொடுத்திருக்கிறோம். C-யில் மொத்த எடை, D-யில் கிரேட் எண்ணிக்கை, F-இல் விலை, இந்த மூன்றையும் அவர்கள் அடிப்பார்கள். நிகர எடையும் தொகையும் தானாக வரும். ஒரு காலி கிரேட் 2 கிலோ.

```
E2: =C2-D2*2
G2: =E2*F2
```

பிரச்சினை என்னவென்றால் சூத்திரம் இருக்கிற கட்டத்திலேயே எண்ணை அடித்துவிடுகிறார்கள். போன வாரம் ஒரு மையத்தில் 412 கிலோ, 20 கிரேட், நிகரம் 372 என்று E-யில் கையால் அடித்திருக்கிறார்கள். அப்புறம் எடைச்சீட்டைப் பார்த்து C-யில் 421 என்று திருத்தினார்கள், ஆனால் E அசையவே இல்லை. கிலோ 18 ரூபாய். அந்த விவசாயிக்கு 6,858 போக வேண்டிய இடத்தில் 6,696 போயிருக்கிறது. 162 ரூபாய் குறைவு, அதை அவரே வந்து கேட்டபிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதனால் சூத்திரக் கட்டங்களை மட்டும் பூட்டுவது எப்படி என்று 14 நிமிடத்துக்கு ஒரு திரைப்பதிவு செய்து அனுப்பினேன். ஷீட் ஏற்கனவே அவரவர் கணினியில் ஓடிக்கொண்டிருக்கிறது, நானே பூட்டி அனுப்ப முடியாத நிலை. வீடியோ பார்த்துச் செய்த 2 மையங்களில் இப்போது எடையைக்கூட அடிக்க முடியவில்லை, ஷீட் முழுக்கப் பூட்டிக்கொண்டது. மறுபடி பதிவு செய்யும் முன் படிகளை ஒழுங்காக எழுதிக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

பாலக்கோட்டுக்காரன்

14 நிமிடம் யாரும் பார்க்க மாட்டார்கள் மேடம், 3 நிமிடத்துக்குள் முடியுங்கள். வேலையும் அவ்வளவு பெரியதில்லை. சூத்திரம் இருக்கிற கட்டங்களைத் தேர்ந்தெடுத்து Locked டிக் போட்டு, Review போய் Protect Sheet கொடுத்தால் முடிந்தது. இரண்டே படி.

தர்மபுரி பயிற்சியாளர்

தம்பி சொல்கிற நீளம் சரிதான். ஆனால் அந்த இரண்டு படியைச் செய்தால் இவர்களுடைய 2 மையங்களுக்கு நடந்ததுதான் நடக்கும். எக்செல்லில் எல்லாக் கட்டத்துக்கும் Locked டிக் முதலிலிருந்தே இருக்கிறது, Protect Sheet கொடுக்கும்வரை அது வேலை செய்யாது, அவ்வளவுதான். ஆகவே முதலில் ஷீட் முழுக்க அந்த டிக்கை எடுக்க வேண்டும், பிறகு சூத்திரங்களுக்கு மட்டும் திரும்பப் போட வேண்டும், கடைசியில்தான் Protect Sheet.

அம்மா, ஒன்று கேட்கிறேன். வீடியோவில் டிக் எடுக்கும் படியை எப்படிக் காட்டினீர்கள்? கீபோர்டிலா, மவுஸிலா?

காவேரிப்பட்டணம் கணக்கு

கீபோர்டில்தான் சார். Ctrl+A, Ctrl+1, டிக் எடுத்து OK. எனக்கு அதுதான் கை பழக்கம். வாயாலும் சொன்னேன்.

தர்மபுரி பயிற்சியாளர்

அங்கேதான் விட்டுப்போயிருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு உங்கள் விரல் தெரியாது. திரையில் திடீரென்று ஒரு பெட்டி வந்தது, போனது. போன பிறகு ஷீட்டில் எதுவுமே மாறவில்லை, ஏனென்றால் டிக்கை எடுப்பதால் திரையில் ஒரு மாற்றமும் தெரியாது. அப்படிப்பட்ட படியைத்தான் ஆட்கள் தாண்டிப் போவார்கள். இந்த மாதிரி வேலையைச் சொல்லித்தரும்போது நான் பயப்படுவது கடினமான படியைப் பார்த்து அல்ல, செய்தோமா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியாத படியைப் பார்த்து.

ஒரு தாளை எடுத்து மூன்றாக மடியுங்கள். இடது பக்கம் கை என்ன செய்கிறது, நடுவில் உடனே திரையில் என்ன தெரிகிறது, வலது பக்கம் வாய் என்ன சொல்கிறது. ஒரு வரிக்கு ஒரே ஒரு செயல். நடுப் பகுதி காலியாக இருக்கிற வரியைச் சுழியுங்கள், அந்த இடத்தில் பார்ப்பவர் சரிபார்த்துக்கொள்ள ஏதாவது ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும். டிக் எடுத்த படிக்கு, அதே பெட்டியை மறுபடி திறந்து கட்டம் காலியாக இருப்பதைக் காட்டுங்கள். 5 விநாடி கூடுதல், ஆனால் உங்களுக்கு வரும் போன் குறையும்.

எழுதும்போது கடைசி வரியிலிருந்து ஆரம்பியுங்கள். "E2-வில் எண் அடித்தால் எச்சரிக்கை வரும், C2-வில் அடித்தால் ஏற்கும்." இதுதான் முடிவு, வீடியோவின் முதல் 10 விநாடியிலும் இதையே காட்டலாம். இந்த முடிவுக்குத் தேவையில்லாத எதையும் தாளில் ஏற்றாதீர்கள். 14 நிமிடத்தில் வேறு என்னவெல்லாம் இருந்தது?

காவேரிப்பட்டணம் கணக்கு

கடவுச்சொல் வைப்பது, தலைப்புக்கு நிறம் போடுவது, பூட்டிய கட்டத்துக்கு கர்சர் போகாமல் தடுப்பது, பிரிண்ட் எடுப்பது. எல்லாம் அவர்களுக்குப் பயன்படுமே என்று போட்டேன்.

தர்மபுரி பயிற்சியாளர்

பயன்படும், ஆனால் அவை வேறு வேலைகள். தனித் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தனித்தனி வீடியோவாகப் போகட்டும். கடவுச்சொல்லை மட்டும் "காலியாக விட்டு OK கொடுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் அந்த இடத்தில் நின்று யோசிப்பார்கள்.

பென்னாகரம் பால்

எங்கள் பால் கணக்கிலும் இதே தொல்லை. நாங்கள் லிப்ரே ஆபிஸ் வைத்திருக்கிறோம், அதில் Format, Cells போய் Cell Protection என்று இருக்கிறது, Protect Sheet என்பது Tools மெனுவில் இருக்கிறது. அக்கா, அதையும் உங்கள் வீடியோவிலேயே சேர்த்தால் எங்களுக்கும் ஆகும்.

தர்மபுரி பயிற்சியாளர்

சேர்க்க வேண்டாம். படியின் எண்கள் ஒன்றாக இருந்தாலும் திரை வேறு. எக்செல் பார்க்கிறவர் 3-ஆம் படியில் Tools மெனுவைத் தேட ஆரம்பித்துவிடுவார். நீங்களே இவர் தாளை வைத்து இடது, நடுப் பகுதிகளை மட்டும் மாற்றித் தனியாகப் பதிவு செய்யலாமே.

ஓசூர் ஷிப்ட்

பதிவு செய்வது பற்றி ஒன்று. ஓபிஎஸ் மென்பொருள் வைத்திருந்தால் Window Capture வேண்டாம். அதில் எக்செல் ஜன்னல் மட்டும்தான் பதிவாகும், ரைட் கிளிக் மெனுவும் Format Cells பெட்டியும் தனி ஜன்னல்கள் என்பதால் வீடியோவில் விழாமல் போகும். Display Capture வையுங்கள். உங்கள் ஆட்கள் போனில்தான் பார்ப்பார்கள் என்றால், விண்டோஸில் Scale அளவை 150% ஆக்கிவிட்டுப் பதியுங்கள், இல்லையென்றால் Locked என்ற எழுத்தே தெரியாது. ஆனால் அப்படிப் பெரிதாக்கினால் மேலே ரிப்பனில் இடம் சுருங்கி சில பொத்தான்கள் ஒரே பொத்தானுக்குள் மடங்கிக்கொள்ளும், Protect Sheet எங்கே நிற்கிறது என்று முதலில் பார்த்துவிட்டுத் தாளில் எழுதுங்கள்.

காவேரிப்பட்டணம் கணக்கு

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு உட்கார்ந்து எழுதியது இது. வலது பக்கப் பேச்சை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் போடுகிறேன்.

1. A-வுக்கு இடது பக்கம், 1-க்கு மேலே இருக்கும் மூலையைக் கிளிக் செய்யவும். ஷீட் முழுக்கச் சாம்பல் நிறமாகும்.
2. ஏதாவது ஒரு கட்டத்தில் ரைட் கிளிக், Format Cells. பெட்டி திறக்கும்.
3. Protection தாவல், Locked கட்டம் காலியாகும்வரை கிளிக், OK. (சரிபார்க்க: 2-ஐ மறுபடி செய்து பார்த்து Cancel.)
4. Home, Find & Select, Formulas. E-யும் G-யும் மட்டும் சாம்பல் நிறமாகும்.
5. ரைட் கிளிக், Format Cells, Protection, Locked டிக் போட்டு OK.
6. Review, Protect Sheet, கடவுச்சொல் இல்லாமல் OK. பொத்தானின் பெயர் Unprotect Sheet என்று மாறும்.
7. E2-வில் 5 அடிக்கவும். எச்சரிக்கை வரும். C2-வில் அடிக்கவும். ஏற்கும்.
8. Ctrl+Z, பிறகு சேமிக்கவும்.

தர்மபுரி பயிற்சியாளர்

நன்றாக வந்திருக்கிறது. மூலையைக் கிளிக் செய்யச் சொன்னது நல்ல வேலை, Ctrl+A கொடுத்தால் கர்சர் இருக்கிற இடத்தைப் பொறுத்து சில நேரம் தரவு இருக்கிற பகுதி மட்டும்தான் தேர்வாகும். 5-ஆம் படியில் நான்கு செயல் ஒரே வரியில் இருக்கிறது, 2-ஐயும் 3-ஐயும் பிரித்த மாதிரி பிரியுங்கள். 2 மையங்களில் ஏற்கனவே பூட்டியாகிவிட்டதால் அவர்களுக்கு முதலில் Unprotect Sheet கொடுக்கும் படி 0 ஒன்று வேண்டும்.

பதிவு செய்யும் முன் இந்தத் தாளை மட்டும் யாராவது ஒருவரிடம் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள், ஆனால் வாய் திறக்கக் கூடாது. அவர் கை எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு வரி குறைகிறது என்று அர்த்தம்.

காவேரிப்பட்டணம் கணக்கு

செய்து பார்த்தேன் சார். மையத்தில் எடை போடும் தம்பி வந்திருந்தான், அவனிடம் கொடுத்தேன். 4 வரைக்கும் சரியாக வந்தான். 5-இல் "ரைட் கிளிக்" என்று மட்டும் எழுதியிருந்தேன், அவன் B-யில் இருந்த ஒரு பெயரின் மேல் ரைட் கிளிக் செய்தான். E, G தேர்வு கலைந்துபோய் அந்த ஒரு பெயர் மட்டும் பூட்டிக்கொண்டது. அப்புறம் 7-இல் E2 எண்ணை ஏற்றுக்கொண்டதும் என் முகத்தைப் பார்த்தான். வாய் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. இப்போது "சாம்பல் நிறமாக இருக்கும் E கட்டம் ஒன்றின் மேல் ரைட் கிளிக்" என்று மாற்றிவிட்டேன், 7-இல் தவறினால் Ctrl+Z கொடுத்து E2-வில் சூத்திரம் திரும்ப வந்ததும் Unprotect Sheet கொடுத்து 1-க்குத் திரும்பவும் என்றும் சேர்த்தேன். இரண்டாவது ஆள் கேட்காமலே முடித்துவிட்டார்.

ஓசூர் ஷிப்ட்

ஒவ்வொரு முறை பதிவதற்கும் பூட்டாத புது நகல் ஒன்றைத் திறந்து வையுங்கள். பாதி பூட்டிய ஷீட்டில் மறுபடி ஆரம்பித்தால் 3-ஆம் படியில் Locked கட்டம் டிக்கும் இல்லாமல் காலியாகவும் இல்லாமல் அடைத்தாற்போல் தெரியும், பார்ப்பவர் குழம்புவார். விவசாயிகள் பெயரையும் மாற்றிவிடுங்கள்.

பாலக்கோட்டுக்காரன்

நான் சொன்ன இரண்டு படியில் எடையே அடிக்க முடியவில்லை, இப்போதுதான் என் ஷீட்டில் பார்த்தேன். ஒரு சந்தேகம், பூட்டிய ஷீட்டில் வரிசை தீர்ந்துவிட்டால்? புது வரியில் சூத்திரம் தானாக வராதே.

காவேரிப்பட்டணம் கணக்கு

வராது. அதனால் பூட்டும் முன்பே E, G இரண்டையும் 300-ஆம் வரி வரை இழுத்துவிடச் சொல்லப் போகிறேன், அதைத் தனி வீடியோவாகப் போடுவதா, படி 0-க்கு முன்னால் வைப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. பர்கூர் பக்கம் ஒரு மையத்தில் கணினியே இல்லை, போனில்தான் எக்செல் பார்க்கிறார்கள். அங்கே இந்தத் தாள் உதவாது. யாராவது போனில் இதைச் செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். மற்ற 5 மையத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை பதிவு செய்துவிடுகிறேன்.