ஊசியில் நூல் கோக்க முடியவில்லை, கண்ணாடி போட்டால் கட்டிங் டேபிள் மங்குகிறது

ஊசிநூல், கொழிஞ்சாம்பாறை

வணக்கம். எனக்கு வயது 46. பாலக்காட்டுப் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். இது வரைக்கும் கண்ணாடி போட்டதில்லை. கடையில் உட்கார்ந்தபடியே எதிரே போகிற பொள்ளாச்சி பஸ்ஸின் போர்டைத் தெளிவாகப் படிப்பேன். ஆனால் ஜூனில் பள்ளி திறக்கும் முன்பு யூனிஃபார்ம் வேலை குவிந்தபோது, நேவி ப்ளூ துணியில் நேவி ப்ளூ நூலைக் கோக்கத் தடுமாறிவிட்டேன். நூல் நுனியை நறுக்கி, எச்சில் தொட்டு முறுக்கி, பத்துத் தடவை குத்தினால் ஒரு தடவை நுழைகிறது. பகலில் வாசலில் நின்றால் பரவாயில்லை. சாயங்காலம் டியூப்லைட்டில் சுத்தம்.

சந்தையில் ரெடிமேட் கண்ணாடி ஒன்று வாங்கினேன், பிளஸ் 2. ஊசிக்காது பெரிசாகத் தெரிகிறது. ஆனால் எழுந்து கட்டிங் டேபிளுக்குப் போனால் சாக்பீஸ் கோடு மங்கல், அரை மணி நேரத்தில் தலைவலி. கண்ணாடி தப்பா, என் கண்ணா?

மேற்குக்காற்று

கண் தசை தளர்ந்துபோய்விட்டது அண்ணா. கண்ணாடி போட்டால் இன்னும் சோம்பேறியாகிவிடும், வருஷா வருஷம் பவர் ஏறும். விரலை நீட்டி, பக்கத்தில் கொண்டுவந்து, மறுபடி நீட்டிப் பாருங்கள், தினமும் ஐம்பது தடவை. எனக்கு 61 வயது. போன வருஷம் வரை கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாது. இப்போது கண்ணாடியைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.

நகரி மாமி

எங்கள் ஊரில் தெலுங்குக்காரர்கள் இதைச் சத்வாரம் என்பார்கள், நாற்பது என்பதிலிருந்து வந்த சொல். எங்கள் பாட்டி சாளேசரம் என்பாள். எனக்கும் சர்க்கரை ஏறினால் கண் மங்கும், இறங்கினால் தெளியும். நீங்கள் முதலில் சர்க்கரை பாருங்கள்.

பழைய ஆப்டோமெட்ரிஸ்ட்

மாமி சொல்வது வேறு விஷயம். சர்க்கரையால் வருவது நாளுக்கு நாள் மாறும், தூரப் பார்வையிலும் தெரியும். தம்பிக்குத் தூரம் சரியாக இருக்கிறது, கிட்டத்தில் மட்டும் தடுமாற்றம், வெளிச்சம் குறைந்தால் கூடுகிறது. இது வெள்ளெழுத்து. இருந்தாலும் 46 வயதில் ஒரு முறை சர்க்கரை பார்ப்பதில் தவறில்லை.

மேற்குக்காற்று பாதி சரி. கண்ணுக்குள் தசை ஒன்று வேலை செய்வது உண்மைதான். அது சுருங்கினால் லென்ஸைப் பிடித்திருக்கும் நார்கள் தளரும், லென்ஸ் தானாக உப்பும், கிட்டத்துப் பொருள் தெளியும். ஆனால் இந்த வயதில் பெரும்பாலும் கெடுவது தசை அல்ல, உப்ப வேண்டிய லென்ஸ். அதில் வாழ்நாள் முழுக்கப் புதிய இழைகள் வெளிப்புறம் சேர்ந்துகொண்டே இருக்கும். பழையவை முடி மாதிரி உதிர வழியில்லை, நடுவில் நெருக்கி இறுகும். தசை இழுத்தாலும் விட்டாலும் இறுகிய லென்ஸ் வளைந்து கொடுக்காது. அதனால்தான் கண் பயிற்சி இதை மாற்றுவதில்லை. கண்ணாடி போட்டாலும் போடாவிட்டாலும் லென்ஸ் இறுகத்தான் செய்யும்.

இன்னொன்று, இது நாற்பதில் தொடங்குவதல்ல. பத்து வயதுப் பிள்ளை ஏழெட்டு சென்டிமீட்டரிலேயே எழுத்தைப் படிக்கும். அந்தத் தெளிவு எல்லை வருஷா வருஷம் தள்ளிப் போகிறது. நாற்பதைத் தாண்டும்போது நம் கை வேலை செய்கிற தூரத்தை அது எட்டுவதால் அப்போதுதான் தெரிகிறது. ஊசி வேலைக்காரருக்கு லாரி டிரைவரைவிட முன்னாலேயே தெரியும்.

உங்களிடம் இன்ச் டேப் இருக்கும். ஒரு கண்ணை மூடி, பேப்பரின் சின்ன எழுத்தை மெல்லக் கிட்டே கொண்டுவாருங்கள். மங்க ஆரம்பிக்கும் இடத்தில் நிறுத்தி, கண்ணிலிருந்து அளந்து சொல்லுங்கள்.

ஊசிநூல், கொழிஞ்சாம்பாறை

மதியம் வாசலில் அளந்தேன் சார், கண்ணாடி இல்லாமல். வலது 28 சென்டிமீட்டர், இடதும் ஏறக்குறைய அதேதான். நூல் கோக்கும்போது ஊசியை 25-இல் பிடிக்கிறேன். மெஷின் ஊசி 35 இருக்கும். கட்டிங் டேபிள் குனிந்தால் 65.

பழைய ஆப்டோமெட்ரிஸ்ட்

இதிலேயே பதில் இருக்கிறது. 100-ஐ இந்தச் சென்டிமீட்டரால் வகுத்தால் பவர் வரும். 28 என்றால் சுமார் மூன்றரை. உங்கள் லென்ஸ் முழு மூச்சில் அவ்வளவுதான் கொடுக்கும். 25-இல் நூல் கோக்க நான்கு வேண்டும். உங்களால் முடிவதைவிடக் கிட்டே ஊசியைப் பிடித்துக்கொண்டு போராடுகிறீர்கள்.

மெஷினில் 35-க்கு மூன்றுக்குக் கொஞ்சம் கீழே போதும், அதனால் தைக்க முடிகிறது. ஆனால் கையிருப்பு முழுவதையும் செலவழித்தபடி நாள் முழுக்க உட்கார முடியாது. பாதியை மிச்சம் வைப்பது எங்கள் வழக்கம். மூன்றரையில் பாதி ஒன்றே முக்கால், 35 சென்டிமீட்டருக்கு மீதி ஒன்று அல்லது ஒன்றேகால் கண்ணாடி கொடுத்தால் சரி.

பிளஸ் 2 போட்டால் என்ன ஆகும்? கண்ணைத் தளர்த்தி வைத்தாலும் 50 சென்டிமீட்டருக்கு அப்பால் தெளிவு இல்லை. டேபிள் 65-இல் இருக்கிறது, மங்கத்தானே செய்யும். ஒன்றேகால் என்றால் தெளிவு 80 வரை போகும், கிட்டத்தில் 21 வரை வரும். ஊசி, மெஷின், டேபிள் மூன்றும் அதற்குள் அடங்கும்.

தலைவலிக்கு இது மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். ரெடிமேடில் இரண்டு கண்ணுக்கும் ஒரே பவர், கண்களுக்கு இடையேயான தூரமும் யாருக்கோ அளந்தது. சோதித்துத்தான் வாங்க வேண்டும். அப்படியே கண் அழுத்தமும் பார்க்கச் சொல்லுங்கள்.

சின்னமனூர் பிள்ளை

பகலில் தெரிகிறது, டியூப்லைட்டில் தெரியவில்லை என்றாரே. அது ஏன் சார்?

பழைய ஆப்டோமெட்ரிஸ்ட்

வெயிலில் கண்மணி சுருங்கும். சிறிய துளை வழியே பார்த்தால் மங்கல் குறையும். அட்டையில் குண்டூசியால் ஓட்டை போட்டு அதன் வழியே எழுத்தைப் பாருங்கள், கண்ணாடி இல்லாமலே தெளியும். தெளிந்தால் ஃபோகஸ் கோளாறுதான் என்று ஓரளவு சொல்லலாம். ஓட்டை வழியாகவும் மங்கினால் வேறு ஏதோ இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள்.

மேற்குக்காற்று, உங்களுக்கும் ஒன்று. 61-இல் திடீரென்று கண்ணாடி இல்லாமல் படிக்க வந்தால் அது பயிற்சியின் பலன் என்று சந்தோஷப்படாதீர்கள். லென்ஸின் நடுப்பகுதியில் கண்புரை தொடங்கும்போது கிட்டத்துப் பொருள் இப்படி மறுபடி தெளிவதுண்டு, பதிலுக்குத் தூரம் மங்கும். பஸ் போர்டு எப்படித் தெரிகிறது?

மேற்குக்காற்று

அதெல்லாம் ஒன்றும் இல்லை. பயிற்சியால்தான். பஸ் போர்டு… இப்போதெல்லாம் எழுத்தைச் சின்னதாக எழுதுகிறார்கள்.

நகரி மாமி

மேற்குக்காற்று, எழுத்து சின்னதாகவில்லை. இந்த வாரமே போய்க் காட்டுங்கள், சொல்லிவிட்டேன்.

ஊசிநூல், கொழிஞ்சாம்பாறை

சோதித்து வாங்கிவிட்டேன். இரண்டு கண்ணுக்கும் ஒன்றேகால், இடதில் மட்டும் அரை சிலிண்டர் கூட. அழுத்தமும் சர்க்கரையும் சரி. நூல் மூன்றாவது தடவையில் நுழைகிறது, டேபிளில் கோடும் தெரிகிறது. ஒரே தொல்லை, நிமிர்ந்து தெருவைப் பார்த்தால் பொள்ளாச்சி பஸ் பனிக்குள் வருகிற மாதிரி இருக்கிறது. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி மேலே பார்க்கிறேன். என் வீட்டுக்காரி, "உங்க அப்பாவே வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்கிறாள்.