உளவியல் பாதுகாப்பு: இந்தச் சொல் சரிதானா?

வணக்கம். குழு மேலாண்மைக் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். சைக்கலாஜிக்கல் சேஃப்டிக்கு ‘உளவியல் பாதுகாப்பு’ என்று போட்டேன். வரைவைப் படித்தவர், “மனநல ஆலோசனைத் திட்டமா?” என்கிறார். வேறு சொல் உண்டா?
– க.

‘பேச்சுத்துணிவு’ போதுமே. தவறை ஒத்துக்கொள்ளத் தைரியம் வேண்டும், அவ்வளவுதானே?
– ம.

பாதி சரி. துணிவு தனி ஆளுடையது, இது குழுவுடையது. ஒரு குழுவில் வாய் ஓயாதவர், இன்னொரு குழுவில் ஊமையாக உட்கார்ந்திருப்பார். கேள்வி கேட்டாலோ பிழையைச் சொன்னாலோ இங்கே அவமானப்பட மாட்டோம் என்று குழுவே நம்புவதைத்தான் மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999 கட்டுரையில் சைக்கலாஜிக்கல் சேஃப்டி என்று அழைத்தார். அதற்கு முன் மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்தவர்கள் அல்ல, மறைக்காதவர்கள் என்பது அவர் கண்ட விளக்கம். ‘சொல்லச்சமின்மை’ எப்படி?
– இ.

சொல் எதுவானாலும், எங்கள் மென்பொருள் குழுவில் நடந்ததைச் சொல்கிறேன். எது பழுதானாலும் தலைவரின் முதல் கேள்வி “யார் செய்தது?” கொஞ்ச நாளில் பழுதே இல்லாதது போலாகிவிட்டது. “இனி பயப்படாமல் சொல்லுங்கள்” என்று கூட்டம் போட்டார். ஒருவரும் அசையவில்லை.

அப்புறம் ஒருநாள், தான் திட்டியவரையும் வைத்துக்கொண்டு, “அன்று சோதிக்க நேரம் கேட்டாய். கெடுவைக் குறுக்கியது நான். திட்டு வாங்கியது நீ” என்றார். பொதுவான மன்னிப்பாக இருந்திருந்தால் நம்பியிருக்க மாட்டோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு புதியவர், சோதனைத் தரவுத்தளம் என்று நினைத்து நேரடித் தரவுத்தளத்தில் ஓர் அட்டவணையை அழித்துவிட்டார். தலைவர் முகம் சிவந்தது. ஆனாலும், “மீட்க என்ன வேண்டும்?” என்றுதான் கேட்டார். மீட்டு முடித்தபின், “அப்போது திரையில் என்ன தெரிந்தது?” என்றார். இரண்டு திரையும் ஒரே நிறம்! நிறத்தை மாற்றினோம். அடுத்த இரண்டு மாதம் பிழை அறிக்கைகள் கூடின. மேலிடம் பதறியது. தலைவரோ எண்ணிக்கையை விட்டுவிட்டு, பிழை நடந்ததற்கும் எங்கள் வாயிலிருந்து வந்ததற்கும் உள்ள இடைவெளியைப் பார்த்தார். முன்பு நாள்கணக்கு, இப்போது ஒரு மணி நேரத்துக்குள்.
– செ.

அப்படியானால் யாரையும் எதுவும் கேட்கக் கூடாதா? வேலைப் பாதுகாப்பு மாதிரி ஆகிவிடாதா?
– ம.

இல்லை. தெரிந்தே காப்புப்பிரதி எடுக்காமல் விட்டவரை அவர் தனியே அழைத்துக் கண்டித்தார், பொறுப்பையும் மாற்றினார். தானாக வந்து சொன்னவருக்கு மட்டும் அந்த நிலை வரவில்லை. ஒருமுறை மட்டும் பழைய “யார்?” வாயில் வந்துவிட்டது. அடுத்த இரண்டு வாரம் மறுபடி அமைதி.
– செ.

‘சொல்லச்சமின்மை’யில் குழு எங்கே? ‘குழு அச்சமின்மை’ என்றால் சொல்வது விடுபடுகிறது. இப்போதைக்கு இ. சொன்னதையே போட்டு, முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன். வேறு தோன்றினால் எழுதுங்கள்.
– க.