மேசையில ஒட்டியிருந்த கியூஆர்: கல்லடியில நடந்தது இது, உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

கல்லடி டீச்சர்:
போன கிழமை பின்னேரம் அக்கா குடும்பத்தோட கடற்கரைப் பக்கம் ஒரு கடைக்குச் சாப்பிடப் போனம். கடைப்பேர் எழுதல்ல. அவங்களும் ஏமாந்தவங்கதான் எண்டு நினைக்கிறன்.

மேசைக்கு மேசை ஒரு சின்ன அக்ரிலிக் தட்டு நிமிர்த்தி வச்சிருந்தாங்க. ஒரு பக்கம் மெனு, மற்றப் பக்கம் காசு கட்டுற கியூஆர். அதுக்குக் கீழ "ஸ்கேன் செய்து கட்டினால் 10% கழிவு" எண்டு இருந்துது. பில் 3,450 ரூபா. அக்காட மகள் போன் கமராவால பிடிச்ச உடனே ஒரு வெப் பக்கம் திறந்துது. மேல வங்கிகளுட அடையாளங்கள் வரிசையா, கீழ மேசை நம்பர், தொகை, அதுக்குப் பிறகு கார்ட் நம்பர், முடிவுத் திகதி, பின்னால இருக்கிற மூண்டு இலக்கம். பிள்ளை எல்லாத்தையும் அடிச்சிட்டுது. ஓடிபி வந்துது. அதை எடுத்துப் போடப் போன நேரம் நான் எஸ்எம்எஸ்ஸை வாங்கி முழுசா வாசிச்சன். தொகை இருந்த இடத்தில EUR 189.00. கடைப்பேர் இருந்த இடத்தில நாங்க கேள்விப்படாத ஏதோ ஒரு பேர். ரூபாய்க்குச் சாப்பிட்டவங்களுக்கு யூரோவில ஏன் ஓடிபி வருது?

போடாம விட்டம். கொஞ்ச நேரத்தில அந்தப் பக்கமே "உங்கள் கார்ட் ஏற்கப்படவில்லை, வேறு கார்ட்டை முயற்சிக்கவும்" எண்டு சொல்லிச்சுது. அத்தான் தன்ட கார்டை வெளிய எடுத்திட்டார், நான்தான் மறிச்சன்.

பிறகு தட்டைக் கையில எடுத்துப் பார்த்தன். கடைட உண்மையான கியூஆர் அக்ரிலிக்குக்கு உள்ள, கடைப்பேரோட இருக்குது. அதே அளவுக்கு வெட்டின ஒரு ஸ்டிக்கர் வெளிப்பக்கம் ஒட்டியிருக்குது. உள்ள இருந்தது மங்கின தாள், வெளிய இருந்தது பளபளப்பு. நகத்தால கிளப்ப ஒரு மூலை எழும்பிச்சுது. காசாளர் தம்பிக்குக் காட்டினன், அவர் மற்ற மேசைகளையும் தடவிப் பார்க்க வாசலுக்குக் கிட்ட இருந்த இன்னொரு மேசையிலயும் அதே ஸ்டிக்கர்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் வேற ஆருக்கும் இப்பிடி நடந்ததா? கார்ட் விவரம் போயிட்டுது, ஓடிபி போகல்ல. இதுக்கு மேல என்ன செய்யோணும்?

செங்கலடி பொடியன்:
டீச்சர், பயப்படாதீங்க. ஓடிபி குடுக்கல்லத்தானே, அப்ப ஒண்டும் நடக்காது. ஓடிபி இல்லாம ஒரு சதமும் எடுக்க ஏலாது. எனக்கும் ஒருக்கா இப்பிடி ஒரு பக்கத்தில கார்ட் விவரம் போனது, இண்டை வரைக்கும் ஒண்டும் இல்ல.

அம்பாறை, வங்கியில கார்ட் பிரிவு:
தம்பி சொன்னது பாதிதான் சரி. டீச்சர், இதை வாசிச்ச உடனே அந்தக் கார்டை நிறுத்துங்க. பெரும்பாலான வங்கிகளுட ஆப்பில "கார்டை முடக்கு" எண்டு ஒரு சுவிட்ச் இருக்கும். அதைத் தட்டிப்போட்டு வங்கிக்கு எடுத்து, புதுக் கார்ட் கேளுங்க.

காரணம் இதுதான். ஓடிபி கேக்கிறதா இல்லையா எண்டது விற்கிறவருட பக்கத்தையும் பொறுத்தது. வெளிநாட்டில ஓடிபி கேக்காமலே கார்ட் நம்பரையும் அந்த மூண்டு இலக்கத்தையும் மட்டும் வாங்கிக் காசு எடுக்கிற இணையக் கடைகள் இன்னும் இருக்குது. திருடின விவரத்தை முதல்ல அப்பிடி ஒரு இடத்தில சின்னத் தொகைக்குப் போட்டுப் பார்ப்பாங்க. அது போனால்தான் பெரிசு. சில நேரம் கிழமைக்கணக்கா சும்மா வச்சிருந்திட்டு எடுப்பாங்க. தம்பி, உங்கட கார்டையும் மாத்திறது நல்லது.

"வேறு கார்ட்டை முயற்சிக்கவும்" எண்டு வந்ததும் தற்செயல் இல்ல. முதல் கார்ட் கைக்கு வந்திட்டுது, அதே மேசையில இருக்கிற ரெண்டாவது கார்டையும் வாங்கத்தான் அது.

இன்னொண்டு. நம்மட கடைகளில இருக்கிற லங்கா கியூஆர், 2018ல மத்திய வங்கி கொண்டுவந்த பொதுத் தரம். அதுக்குள்ள வெப் முகவரி கிடையாது. அதை வங்கி ஆப்பைத் திறந்து, ஆப்புக்குள்ள இருந்துதான் ஸ்கேன் பண்ணுறது. கடைப்பேர் திரையில வரும், தொகையைப் போட்டு உங்கட பின் நம்பரையோ விரலடையாளத்தையோ குடுப்பீங்க. கார்ட் நம்பர் அடிக்கிற இடமே அதில வராது. சோதிச்சுப் பார்க்க விருப்பமெண்டா வெறும் கமராவால பிடிச்சுப் பாருங்க, `000201` எண்டு தொடங்கிற ஒரு நீள வரி வரும். நடுவில `5802LK` எண்டு நாட்டுக் குறி இருக்கும், அதுக்குக் கிட்ட கடைப்பேரும் தெரியும். `https` எண்டு தொடங்கினா அது லங்கா கியூஆர் இல்ல.

கல்லடி டீச்சர்:
நன்றி ஐயா. நீங்க சொன்ன அண்டைக்கு இரவே பிள்ளை ஆப்பில முடக்கிப்போட்டாள். விடிய எழும்பிப் பார்க்க ரெண்டு எஸ்எம்எஸ், ரெண்டும் ஒரு டொலருக்கு உட்பட்ட முயற்சி, ரெண்டும் மறுக்கப்பட்டிருக்குது. நீங்க சொன்ன அதே கதைதான்.

கல்முனை பேன்சி கடை:
எனக்கும் கடைக்கு லங்கா கியூஆர் ஒண்டு எடுக்கணும். பேங்கில போய்க் கேட்டா காணுமா, இல்லாட்டி வியாபாரப் பதிவு கட்டாயமா? ஆராவது எடுத்த ஆக்கள் சொல்லுங்க. ஸ்டிக்கர் அவங்களே தருவாங்களா, நாமதான் அடிக்கிறதா?

பொத்துவில் நானா:
கல்முனைக்காரருக்கு: கணக்கிருக்கிற பேங்கில கேளுங்க, அவங்கதான் தருவாங்க. நாமளா அடிச்சு ஒட்டப் போய்த்தான் ஆளுக்கொரு வடிவத்தில ஸ்டிக்கர் வந்து, எது உண்மை எண்டு ஒருத்தருக்கும் தெரியாமப் போகுது.

எனக்கு நடந்தது வேற மாதிரி. அறுகம்பையில எனக்குச் சின்ன ஒரு கபே இரிக்கி. சீசன் நேரம் இந்தியாவில இருந்து வாற ஆக்களும் அவங்கட யூபிஐ ஆப்பால லங்கா கியூஆரை ஸ்கேன் பண்ணிக் கட்டுறாங்க, 2024 பெப்ரவரியில இருந்து அது வேலை செய்யுது. ஒருநாள் பகல் நல்ல சனம், ஆனா என்ட போனுக்குக் காசு வந்த எஸ்எம்எஸ் ஒண்டும் வரல்ல. நெட்வேர்க் பிழை எண்டு நினைச்சன். அப்ப ஒரு கஸ்டமர் தன்ட போனைக் காட்டி "கட்டிட்டன்" எண்டார். பார்த்தா மேல இரிக்கிற பேர் என்ட கபேட பேர் இல்ல, ஆரோ ஒரு ஆள்ட பேர். கவுண்டரில இருந்த கியூஆருக்கு மேல வேற ஒருத்தர்ட லங்கா கியூஆரை ஒட்டியிரிக்காங்க.

இதில வெப் பக்கமும் இல்ல, கார்ட் நம்பரும் கேக்கல்ல. ஐயா சொன்ன சோதனையில இது பாஸ் ஆகும். அதால கட்டுறதுக்கு முதல் திரையில வாற பேரைப் பாருங்க. கடைப்பேர் ஒண்டு, பதிஞ்ச பேர் ஒண்டு எண்டும் சில நேரம் இரிக்கும், அப்ப காசாளரிட்ட "இந்தப் பேர்தானா?" எண்டு ஒரு வார்த்தை கேளுங்க. நான் பேங்குக்கு எழுத்தில குடுத்து, பொலிஸிலயும் முறைப்பாடு போட்டிரிக்கன். கணக்குக்காரர் ஆரெண்டு பேங்குக்குத் தெரியும்தானே. காசு இன்னும் வரல்ல.

அம்பாறை, வங்கியில கார்ட் பிரிவு:
நானா சொன்னது சரி, நான் அதைச் சொல்லாம விட்டிட்டன். உங்கட வகையில பணம் நாட்டுக்குள்ளேயே, பேர் பதிஞ்ச ஒரு கணக்குக்குப் போகுது, அதால பிடிபட வாய்ப்புக் கூட. டீச்சருட வகையில ஆள் எந்த நாட்டில எண்டே தெரியாது. முறைப்பாட்டில கட்டின நேரத்தையும் பரிவர்த்தனை இலக்கத்தையும் சேர்த்துக் குடுங்க, கஸ்டமர்ட போனில இருந்து ஒரு ஸ்கிரீன்ஷொட்டும் வாங்கி வையுங்க.

லண்டனில இருந்து, ஊர் களுவாஞ்சிக்குடி:
நம்மட ஊரில பார்க்கிங் எண்டா ஒரு ஆள் வந்து டிக்கெட் கிழிச்சுத் தாறதைத்தான் நான் கண்டிருக்கன். இங்க மெஷின். அந்த மெஷினில ஸ்டிக்கர் ஒட்டுறது பெரிய தொல்லையாப் போயிட்டுது. 2023ல இங்க தோர்னபி ரயில் நிலையத் தரிப்பிடத்தில ஒரு பெண் அப்பிடி ஸ்கேன் பண்ணி 13,000 பவுண் இழந்த செய்தி வந்துது. அதில கவனிக்கவேண்டியது பிறகு நடந்தது. முதல் முயற்சிகளை அவட வங்கி மறிச்சிட்டுது. அதுக்குப் பிறகு திருடர்களே வங்கி ஊழியர் மாதிரிக் கோல் எடுத்துத்தான் மிச்சத்தைச் செய்திருக்காங்க. டீச்சர், அந்தப் பக்கத்தில பிள்ளைட போன் நம்பரும் கேட்டதா? கேட்டிருந்தா கோல் வரலாம்.

கல்லடி டீச்சர்:
ஓம், "பற்றுச்சீட்டு அனுப்ப" எண்டு நம்பர் கேட்டது. குடுத்திருக்கிறாள். இண்டைக்கே சொல்லி வைக்கிறன்: வங்கியில இருந்து எண்டு ஆர் எடுத்தாலும் வச்சிட்டு, கார்டுக்குப் பின்னால இருக்கிற நம்பருக்குத் தானே எடுக்கட்டும்.

அக்கரைப்பற்று:
நான் ஓடிபி குடுத்தவன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு போஸ்டர், கரண்ட் பில்லை ஸ்கேன் பண்ணிக் கட்டினா கழிவு எண்டு. கணக்கு நம்பரை நானே அடிச்சன், பில் தொகை சரியாக் காட்டல்ல, நானே போட்டன். கணக்கில இருந்து 46,000 ரூபாய்க்கு மேல போயிட்டு. பேங்கில "ஓடிபி நீங்கதானே குடுத்தீங்க" எண்டு கைவிரிச்சிட்டாங்க. இது நியாயமா?

அம்பாறை, வங்கியில கார்ட் பிரிவு:
கவலையாத்தான் இருக்குது. உள்ளதைச் சொல்லுறன். ஓடிபி சரியா விழுந்த கொடுப்பனவில "நான் செய்யல்ல" எண்டு காசைத் திருப்பிக் கேட்டா, கார்ட் வலையமைப்புட விதி பெரும்பாலும் விற்றவருக்குச் சார்பாத்தான் நிற்கும். வங்கி மறுக்கிறது அதாலதான். எண்டாலும் வாயால சொன்ன மறுப்போட நிக்காதீங்க. தகராறுப் படிவத்தை நிரப்பிக் குடுத்து, பதிலை எழுத்தில வாங்குங்க. ஓடிபி எஸ்எம்எஸ்ல பில் தொகைக்கும் பேருக்கும் சம்பந்தமில்லாதது இருந்தா அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காதீங்க. பதில் திருப்தி இல்லையெண்டா மத்திய வங்கிட நிதி நுகர்வோர் பிரிவு, 1935. பக்கத்துட முகவரியை இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புக் குழுவுக்கு 101ல சொல்லுங்க, அவங்களால அந்தப் பக்கத்தை முடக்கச் சொல்லிக் கேக்க ஏலும். உங்கட காசு அதால வராது, அடுத்த ஆள்ட காசு தப்பும். காசு வரும் எண்டு என்னால வாக்குக் குடுக்க ஏலாது.

அக்கரைப்பற்று:
எஸ்எம்எஸ் இரிக்கி. நாளைக்குப் படிவம் குடுக்கிறன். ஆனா இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாத என்ட உம்மா இதைப் பார்த்துப் பிடிப்பாவா? எஸ்எம்எஸ் வாறதே இங்கிலீஷில. தமிழில அனுப்பினா என்ன குறைஞ்சு போகும்?

பொத்துவில் நானா:
இது நியாயமான கேள்வி. என்ட பேங்கில மொழி மாத்தலாமா எண்டு கேட்டுப் பார்க்கிறன். இன்னொரு சந்தேகமும் இரிக்கி. அறுகம்பையில சில பெரிய இடங்களில உண்மையாவே வெப் பக்கத்துக்குப் போய்க் கார்டில கட்டுற கியூஆர் வச்சிருக்காங்க, வெள்ளைக்காரருக்கு நம்மட பேங்க் ஆப் இல்லத்தானே. அப்ப வெப் பக்கம் எண்டா எல்லாம் கள்ளம் எண்டும் சொல்ல ஏலாது.

அம்பாறை, வங்கியில கார்ட் பிரிவு:
சொல்ல ஏலாது, சரி. பக்கத்துட வடிவத்தைப் பார்த்துப் பிரிக்கவும் ஏலாது, ஏனெண்டா உண்மையானதை அப்பிடியே நகல் எடுக்கலாம். முகவரியைப் பாருங்க. `lankapay.table-bill.example/pay` எண்டு ஒண்டு வந்தா, முதல் தனிச் சாய்கோட்டுக்கு முன்னால இருக்கிற கடைசித் துண்டுதான் சொந்தக்காரர், இதில `table-bill.example`. முன்னால என்ன பேரையும் ஆரும் எழுதலாம். போனில முகவரிப் பட்டை குறுகினது, முழுசாத் தெரியாது, தட்டித் திறந்து பார்க்கவேணும். சனம் உள்ள நேரம் மேசையில இருந்து இதைச் செய்வாங்களா எண்டது எனக்கும் சந்தேகம்தான். கவுண்டருக்குப் போய் கார்ட் மெஷினில கட்டினா இந்தப் பிரச்சினையே இல்ல.

கல்லடி டீச்சர்:
அந்தக் கடைக்காரர் நேற்றுப் பேசினார். தட்டுகளை மேசையில இருந்து எடுத்துப்போட்டு, ஒரே ஒரு கியூஆரைக் காசாளர்ட கண்ணாடிக்கு உள்பக்கமா வச்சிருக்கிறாராம். கமராப் பதிவைக் கேட்டன், பழைய பதிவு அழிஞ்சிட்டுது எண்டார். ஸ்டிக்கரை உறையில போட்டு என்னட்ட வச்சிருக்கன், மட்டக்களப்புப் பொலிஸில குடுக்கப் போறன். ஒட்டினது ஆரெண்டு இன்னும் தெரியல்ல.