நகலா, பெருக்கமா? இணைப்பில் நிரைகள் பெருகுவதற்கு ஒரு சொல் வேண்டும்

மண்டபத்திலிருந்து

எல்லோருக்கும் வணக்கம். விசைப்படகுகளுக்குக் கணக்கு எழுதும் பிள்ளைகளுக்காக எஸ்கியூஎல் பற்றித் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதி வருகிறேன். ஒரே ஒரு இடத்தில் சொல் அமையாமல் மூன்று நாளாக நிற்கிறேன், அதைக் கேட்கத்தான் இந்த மடல்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். தடைக்காலம் ஜூன் 14-இல் முடிந்து படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கும்போது ஒவ்வொரு படகுக்கும் நடை எண் 1-இலிருந்து ஆரம்பிக்கும். அதனால் 7-ஆம் படகுக்கும் 14-ஆம் நடை உண்டு, 9-ஆம் படகுக்கும் உண்டு. 7-இல் நண்டு 40 கிலோ, கணவாய் 25 கிலோ. 9-இல் இறால் 40, கணவாய் 18, காரல் 60. எல்லாம் சேர்த்து 183 கிலோ. நான் எழுதிய வினவல் இது:

```
SELECT t.boat_id, l.fish, l.kg
FROM trip t
JOIN landing l ON l.trip_no = t.trip_no
WHERE t.trip_no = 14;
```

ஐந்து நிரை வரவேண்டிய இடத்தில் பத்து வந்தது, மொத்தம் 366 கிலோ. ஒரே படகின் கணக்கை மட்டும் ஏற்றிச் சோதித்த வாரத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது, இரண்டாவது படகு வந்த பிறகுதான் இது கிளம்பியது. கண்டுபிடித்ததும் நான் இல்லை. 7-ஆம் படகின் சம்மாட்டி சீட்டைப் பார்த்துவிட்டு, “என் வலையில் காரலே படவில்லையே தம்பி” என்றார். `AND l.boat_id = t.boat_id` என்ற ஒரு வரி விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான்.

இப்படி நிரைகள் கூடிப்போவதற்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்?

கீழக்கரையிலிருந்து

இதற்கு எதற்கு மூன்று நாள்? “நகல் நிரை” என்று வையுங்கள், படிக்கிறவனுக்கு உடனே புரியும். தீர்வும் அதே பக்கத்திலேயே எழுதலாம், `SELECT DISTINCT` போட்டால் நகல் போய்விடும். எங்கள் கடையில் அப்படித்தான் செய்கிறோம், இதுவரை தொல்லை இல்லை.

தங்கச்சிமடத்திலிருந்து

எனக்கும் இதே பிரச்சினை இருந்தது அண்ணே. ஏலக் கணக்கைக் கைபேசியிலிருந்து அனுப்பும்போது சிக்னல் விட்டு விட்டு வரும், பையன் பொத்தானை இரண்டு தடவை அழுத்திவிடுவான், ஒரே சீட்டு அட்டவணையில் இரண்டாக ஏறிவிடும். சீட்டு எண்ணுக்கு `UNIQUE` கட்டுப்பாடு போட்ட பிறகு நின்றது. நீங்களும் அதைப் போட்டுப் பாருங்கள்.

தொண்டியிலிருந்து

தங்கச்சிமடம் தம்பி சொல்வது வேறு விஷயம், ஆனால் அது இங்கே வந்ததும் நல்லதாகப் போயிற்று. அவருடைய அட்டவணைக்குள்ளேயே ஒரே சீட்டு இரண்டு தடவை உட்கார்ந்திருக்கிறது, அதுதான் உண்மையான நகல். மண்டபத்துத் தம்பியின் `landing` அட்டவணையில் 14-ஆம் நடைக்கு இன்றைக்கும் ஐந்தே நிரைதான் இருக்கிறது. ஒன்றுகூட நகல் இல்லை. இணைக்கும்போதுதான் ஒவ்வொன்றும் இரண்டு படகோடும் போய்ச் சேர்ந்துகொண்டது. இரண்டையும் ஒரே பெயரில் சொன்னால் படிக்கிற பிள்ளை நேராக அட்டவணையில் போய் அழிக்க ஆரம்பித்துவிடும். நான் பாடம் எடுக்கிற இடத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், நல்ல பதிவுகள் போய்விட்டன.

கீழக்கரைத் தம்பி, `DISTINCT` இங்கே ஒன்றையும் நீக்காது. 7-ஆம் படகு, காரல், 60 என்று ஒரு நிரை. 9-ஆம் படகு, காரல், 60 என்று இன்னொன்று. படகு எண் வேறாக இருப்பதால் பத்தும் பத்து விதம்தான், போட்டுப் பாருங்கள், பத்தும் அப்படியே நிற்கும். சரி, `SUM(DISTINCT l.kg)` போடலாமே என்று அடுத்துத் தோன்றும். அது இன்னும் மோசம். நண்டும் 40, இறாலும் 40, அதில் ஒரு 40-ஐ விழுங்கிவிட்டு 143 என்று காட்டும். 366 என்றால் யாராவது சந்தேகப்படுவார்கள், 143-ஐப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வராது.

அதனால் சொல்லில் “பெருக்கம்” வரவேண்டும் என்பது என் கருத்து. “இரட்டிப்பு”கூட வேண்டாம், இன்றைக்கு இரண்டு படகு என்பதால் இரண்டு மடங்கு, பதினைந்து படகுக்கும் 14-ஆம் நடை இருந்தால் பதினைந்து மடங்கு. “நிரைப்பெருக்கம்” என்று சொல்லிப் பாருங்கள்.

கீழக்கரையிலிருந்து

`DISTINCT` போட்டுப் பார்த்தேன் அக்கா, பத்தும் நிற்கிறது. எங்கள் பழைய சீட்டுகளை எல்லாம் இன்றைக்கு இராத்திரியே ஒரு தடவை சரிபார்க்கப் போகிறேன். ஆனால் “நிரை” எனக்கு ஒட்டவில்லை. அதைக் கேட்டதும் ஆநிரைதான் ஞாபகம் வருகிறது. எல்லோரும் சொல்கிற “வரிசை” போதாதா? “வரிசைப்பெருக்கம்”?

தொண்டியிலிருந்து

நானும் அவசரத்தில் கைதவறி “வரிசை” என்றுதான் எழுதத் தொடங்கியிருந்தேன். ஆனால் `ORDER BY`-ஐ வரிசைப்படுத்தல் என்கிறோம், ஒரே பக்கத்தில் இரண்டும் வந்தால் குழப்பம். பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் அணிகள் பாடத்தில் நிரை, நிரல் என்றே இருக்கிறது, பிள்ளைகள் அதைப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

பாம்பனிலிருந்து

நான் வலை கட்டுகிற குடும்பம், கணினி வேலை அப்புறம் வந்தது. எனக்குத் தோன்றுவது, விளைவுக்குப் பெயர் வைப்பதைவிடக் காரணத்துக்கு வைக்கலாம். கண்ணுக்குக் கண் முடிச்சு விழவேண்டும், ஒரு முடிச்சு விட்டுப்போனால் இரண்டு கண் சேர்ந்து ஒரே பெரிய கண்ணாகிவிடும். 7-ஆம் படகும் 9-ஆம் படகும் கலந்ததும் அப்படித்தானே. `ON`-க்குப் பின்னால் வருகிற ஒவ்வொரு நிபந்தனையும் ஒரு முடிச்சு. ஆகவே “முடிச்சுவிடல்”.

தொண்டியிலிருந்து

அழகான சொல் தம்பி, மனதில் நிற்கிறது. ஆனால் முடிச்சு எல்லாம் சரியாக விழுந்தும் நிரைகள் பெருகும். அதே 7-ஆம் படகு, 14-ஆம் நடைக்கு டீசல் இரண்டு தடவை பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். `trip`-ஓடு `landing`-ஐயும் `diesel`-ஐயும் படகு எண், நடை எண் இரண்டையும் சரியாகக் கொடுத்தே இணைக்கிறோம். மீன் நிரை இரண்டு, டீசல் நிரை இரண்டு, வருவது நான்கு. 65 கிலோ 130 ஆகிவிடும், டீசல் செலவும் இரண்டு மடங்கு. விட்டுப்போன நிபந்தனை என்று இங்கே ஒன்றுமே இல்லை. மீனைத் தனியாகக் கூட்டி நடைக்கு ஒரு நிரையாக்கி, டீசலையும் அதேபோலக் கூட்டி, அதற்கப்புறம் இணைத்தால்தான் சரியாகும்.

அதனால் முடிச்சுவிடலைக் காரணங்களில் ஒன்றுக்கு வைத்துக்கொள்ளலாம், நிரைப்பெருக்கம் என்பது கண்ணுக்குத் தெரியும் விளைவுக்கு. கையேட்டில் இதையும் சேர்த்துவிடுங்கள், இணைக்குமுன் பார்க்கவேண்டியது:

```
SELECT trip_no, COUNT(*) FROM trip
GROUP BY trip_no HAVING COUNT(*) > 1;
```

ஒரு நிரையாவது வந்தால், அந்த எண்ணை மட்டும் நம்பி இணைக்கக்கூடாது.

மண்டபத்திலிருந்து

ஓட்டிப் பார்த்தேன் அக்கா, 1-இலிருந்து 14 வரை எல்லா நடையும் வந்து நிற்கிறது. முதல் நடையிலிருந்தே சீட்டுகள் தப்பாகத்தான் போயிருக்கின்றன, சம்மாட்டிமார்களிடம் புதுச் சீட்டைக் கையில் கொடுத்துச் சொல்லவேண்டும்.

நிரைப்பெருக்கம், முடிச்சுவிடல் இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். நகலைத் தங்கச்சிமடத்துத் தம்பியின் இரட்டைச் சீட்டுக்கு மட்டும் விட்டுவிடுகிறேன். ஒன்றுதான் பாக்கி. `JOIN`-க்கு “இணைப்பு” என்று எழுதி வருகிறேன், தரவுத்தளத்தோடு தொடர்பு ஏற்படுத்துவதையும் நம்மில் பாதிப் பேர் இணைப்பு என்றுதான் சொல்கிறோம். “சேர்ப்பு” என்று மாற்றலாமா?

தொண்டியிலிருந்து

சேர்ப்பு வேண்டாம், கணக்குப் பாடத்தில் கணங்களின் சேர்ப்பு இருக்கிறது, அது `UNION`-க்கு வேண்டும்.

பாம்பனிலிருந்து

அப்போது `JOIN`-க்கே “பிணைப்பு” என்று வைத்தால் என்ன? முடிச்சுக்கும் பொருந்தும்.

கீழக்கரையிலிருந்து

பிணைப்பு என்றால் வேதியியல் பாடம் மாதிரி இருக்கிறது. எனக்கு இணைப்பே போதும், தொடர்புக்கு வேறு சொல் தேடுங்கள்.