கணக்கு முடங்கிய அன்று 14 பார்சல், ஒரு முகவரி இல்லை

தறிவீடு, திண்டுக்கல்

சின்னாளப்பட்டி சுங்குடி சேலை விற்கிறேன். மூன்று வருடமாக ஒரே ஒரு படப் பகிர்வுச் செயலியில்தான். தீபாவளிக்கு 12 நாள் இருக்கும்போது காலையில் திறந்தால் கணக்கு முடக்கம். விதிமீறலாம், எந்தப் படம் என்று சொல்லவில்லை.

பின்தொடர்ந்த 11 ஆயிரம் பேர் போனதுகூட அப்புறம்தான் உறைத்தது. பணம் கட்டியவர்களுக்கான 14 பார்சலைப் பாயில் அடுக்கி வைத்திருந்தேன். முகவரி எல்லாம் இன்பாக்ஸில். அந்தப் பாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது இன்னும் மறக்கவில்லை. ஏமாற்றிவிட்டேன் என்றுதானே நினைப்பார்கள்?

தபால் ஆபீஸில் கொடுக்கும் முன் பார்சலை வீட்டுக்காரர் போட்டோ எடுப்பார். பழைய வாடிக்கையாளர் ஐந்து பேரின் முகவரி அதில் கிடைத்தது. ஆறு பேரின் யுபிஐ ஐடியே கைபேசி எண்ணாக இருந்தது. மீதி மூன்று பேருக்கு ஒரு ரூபாய் அனுப்பி, குறிப்பில் "சுங்குடி சேலை, முகவரி வேண்டும்" என்று என் நம்பரோடு போட்டேன். இரண்டு பேர் கூப்பிட்டார்கள். ஒருவருக்குப் பணத்தைத் திருப்பிவிட்டேன்.

கணக்கு திரும்பவில்லை. சேலையையே வேறு செயலியில் போடுவதா, இந்தக் கவலை குறைகிற மாதிரி வேறு தொழில் பார்ப்பதா?

மணி_கோவை

சொந்த இணையதளம் போடுங்க அக்கா. டொமைன் உங்கள் பேரில், அந்தச் செயலிக்காரர் பூட்ட முடியாது. பிரச்சினை முடிந்தது.

ரேவதி

எனக்கும் முடங்கியது, 19 நாளில் திரும்பியது. ஆதார் படம் மங்கலாக இருந்தால் ஏற்க மாட்டார்கள். ஒரே நாளில் நாலு முறை விண்ணப்பிக்காதீர்கள். கணக்கில் இருக்கும் பெயரும் அடையாள அட்டைப் பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

ஜபலாக்காரர், திருப்பூர்

ரேவதி, அவர் கணக்கை மீட்பது பற்றிக் கேட்கவில்லையே. மணி தம்பி சொல்வது பாதி சரி. பெயர் நம்முடையது, ஆனால் தளத்துக்கு ஆள் எங்கிருந்து வருவார்? நானும் போட்டேன். வந்தவர்களில் பெரும்பாலோர் அதே செயலியில் நான் கொடுத்த விளம்பரம் வழியாகத்தான். விளம்பரத்தை நிறுத்திய வாரம் ஆர்டரும் நின்றது.

நான் முதலில் ஒரு பெரிய சந்தைத் தளத்தில் டி-ஷர்ட் விற்றேன். வாங்கியவரின் நம்பரை அவர்கள் தர மாட்டார்கள். தேடலில் என் பொருளைக் கீழே தள்ளிய மாதம் 40 ஆர்டர் 6 ஆனது. அந்த 40 பேரில் ஒருவரையும் நான் கூப்பிட வழி இல்லை.

அதனால் பொருளையே மாற்றினேன், கைக்குழந்தை ஜபலா. மூன்று மாதத்தில் குழந்தைக்குச் சிறிதாகிவிடும், அடுத்த அளவு வேண்டும். மகப்பேறு மருத்துவமனைக்கு எதிரில் இருக்கும் கடையில் வைத்தேன். வாங்குபவரிடம் குழந்தை பிறந்த மாதத்தையும் நம்பரையும் கேட்டு நோட்டில் எழுதுகிறேன். சரியான மாதத்தில் நானே கூப்பிடுவேன், பலரும் வாங்குகிறார்கள். டி-ஷர்ட் வாங்கியவரை எந்தக் காரணம் சொல்லிக் கூப்பிடுவது? தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது இதைத்தான். இரண்டு வயதுக்குப் பிறகு அந்தக் குடும்பம் நம்மிடம் வராது, அது உண்மை.

ஒன்று செய்யுங்கள் அக்கா. கடைசி 100 பார்சல் போட்டோவை எடுத்து, செயலி காட்டி வந்தவர் எத்தனை, திரும்ப வாங்கியவர் எத்தனை, இன்னொருவர் சொல்லி வந்தவர் எத்தனை என்று பிரியுங்கள். வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியலையும் நம்பி இருக்காதீர்கள். உங்கள் நம்பரைச் சேமித்தவருக்குத்தான் செய்தி போகும். அந்தக் கணக்கும் முடங்கலாம். நம்பர்கள் காகிதத்திலும் இருக்கட்டும்.

அன்னம் சமையல்

திரும்ப வாங்கும் பொருள் என்றால் பத்திரம் என்று சொல்லிவிட முடியாது அண்ணா. உணவு டெலிவரி செயலியை விட்டு அலுவலகங்களுக்கு மாதக் கணக்கில் மதியச் சாப்பாடு ஆரம்பித்தேன். தினம் 60 சாப்பாடு, அதில் 45 ஒரே அலுவலகம். அவர்கள் இடம் மாறிப் போனார்கள். வாங்கி வைத்த பொன்னி அரிசி மூட்டைகள் அப்படியே நின்றன. செயலிக்குப் பதில் ஒரு மேலாளரை நம்பியிருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது ஒரே இடத்துக்கு 20 சாப்பாட்டுக்கு மேல் ஒத்துக்கொள்வதில்லை. கேட்டு வருகிறவரை வேண்டாம் என்று சொல்வது கஷ்டமாகத்தான் இருக்கிறது.

ஜபலாக்காரர், திருப்பூர்

20 என்று கட்டினால் வளர்வது எப்படி அம்மா? ஆரம்பத்தில் ஒரு பெரிய ஆர்டர் இல்லாமல் முடியாது.

அன்னம் சமையல்

வளரட்டும், ஆனால் அவர்கள் போன மறுநாள் சமையல்காரம்மாவுக்குச் சம்பளம் கொடுக்க முடிய வேண்டும். நான் அதை வைத்துத்தான் அளவு போடுகிறேன்.

தறிவீடு, திண்டுக்கல்

எண்ணிப் பார்த்தேன் அண்ணா. செயலி காட்டி வந்தவர் 61, திரும்ப வாங்கியவர் 27, சொல்லி வந்தவர் 12. அந்த 27 பார்சலில் ஒரே ஆளுக்குப் பல முறை போனதும் இருக்கிறது, தனித்தனி ஆள் 16தான். அதில் ஒன்பது பேரைக் கூப்பிட்டேன். இரண்டு பேர், சேலை நிறத்துக்குப் பொருத்தமான பாவாடை கிடைக்குமா என்று கேட்டார்கள். இங்கே தைத்துத் தர ஆள் இருக்கிறார்கள். பாவாடையைத் திரும்பத் திரும்ப வாங்குவார்களா, சேலைக்குத் துணையாகத்தான் போகுமா? விற்றவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.